டிடெக்டர் சொன்னது இருக்கட்டும், கல்லூரி என்ன செய்தது?

ஆஸ்திரேலிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6,000 முறைகேட்டுப் புகார்கள் பதிவாகியிருந்தன. அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி 2025 அக்டோபரில் வெளியிட்ட செய்தி இது. புகார்களில் பத்துக்கு ஒன்பது ஒரே வகை: அசைன்மென்ட்டை மாணவர் எழுதவில்லை, செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்தது என்பது. நர்சிங் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்த ஒரு மாணவி, தன்மீது தவறில்லை என்று தீர்ப்பு வாங்க ஆறு மாதம் காத்திருந்தார். வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரம் அது. அவருடைய டிரான்ஸ்கிரிப்ட்டில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ‘முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. புகார்களுக்குப் பின்னால் இருந்த கருவி டர்னிட்டின் நிறுவனத்தின் ஏஐ டிடெக்டர். அதன் பயன்பாட்டைப் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது.

இதுபோன்ற செய்தி ஒரு நிருபரின் கைக்கு வந்தால் அதை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். ‘6,000 மாணவர்கள் காப்பியடித்துப் பிடிபட்டனர்’ என்று போடலாம். ‘கோளாறான மெஷினால் 6,000 அப்பாவிகள் பாதிப்பு’ என்றும் போடலாம். இரண்டுமே வேகமாகப் பரவும், இரண்டுமே பொய். அந்தந்த மாணவர் உண்மையில் ஏஐ-யைப் பயன்படுத்தினாரா என்பதை நிருபரால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஸ்கோர் வந்த நிமிடத்திலிருந்து தண்டனை வந்த நாள்வரை நிர்வாகம் என்னென்ன செய்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். நிருபர் துருவ வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

முதலில் எண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 6,000 என்பது எதன் எண்ணிக்கை? ஆசிரியர் சந்தேகப்பட்டு மேலே அனுப்பியவையா, விசாரணைக்கு எடுத்தவையா, குற்றம் உறுதியானவையா, மேல்முறையீட்டுக்குப் பிறகும் நின்றவையா? மேற்சொன்ன விவகாரத்தில் பல்கலைக்கழகம் அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மறுத்தது. மேலே அனுப்பப்பட்ட புகார்களில் சுமார் கால்பங்கு விசாரணைக்குப் பின் தள்ளுபடியானதாகவும், டர்னிட்டின் அறிக்கை ஒன்றே ஆதாரமாக இருந்த புகார்களை உடனே தள்ளுபடி செய்ததாகவும் சொன்னது. இந்த மறுப்பைச் செய்தியின் கடைசிப் பத்தியில் சம்பிரதாயத்துக்குச் சேர்த்துவிட்டுப் போகக்கூடாது. அதற்குள்ளேயே அடுத்த கேள்விகள் இருக்கின்றன. கால்பங்கு தள்ளுபடி என்றால், தள்ளுபடியாகும் வரை அந்த மாணவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள்? மீதி முக்கால்பங்கில் எத்தனை பேர் தாங்களே ஒப்புக்கொண்டார்கள், எத்தனை பேர் மறுத்தும் தண்டிக்கப்பட்டார்கள்? ஒப்புக்கொண்டால் லேசான தண்டனை, மறுத்தால் கடும் விசாரணை என்ற ஏற்பாடு இருந்ததா? இருந்திருந்தால் ‘ஒப்புக்கொண்டவர்’ என்ற எண்ணிக்கையையும் அப்படியே நம்புவதற்கில்லை.

அடுத்து, எந்தக் கருவி, எந்த ஸ்கோர்? கேட்கச் சாதாரணக் கேள்விதான். ஆனால் பல செய்திகள் இங்கேதான் சறுக்குகின்றன. 2023 மே மாதம் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் காமர்ஸ் வளாகத்தில் ஒரு ஆசிரியர் மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிலேயே ஒட்டி, ‘இதை நீ எழுதினாயா?’ என்று கேட்டார். ‘ஆமாம்’ என்று பதில் வந்த கட்டுரைகளுக்கு மதிப்பெண் இல்லை என்றார். பட்டமளிப்பு நேரத்தில் சிலருடைய டிப்ளமோக்கள் நிறுத்திவைக்கப்பட்டன. சாட்ஜிபிடி தான் முன்பு எழுதியதை எல்லாம் நினைவில் வைத்துத் தேடிப்பார்த்துப் பதில் சொல்வதில்லை. பிறர் எழுதியதைக் காட்டிக் கேட்டாலும் ‘நான்தான்’ என்று சொல்லிவிடக்கூடியது. அதாவது அங்கே டிடெக்டர் என்று ஒன்று பயன்படுத்தப்படவே இல்லை. ‘ஏஐ டிடெக்டர் தவறு செய்தது’ என்று இதை எழுதியிருந்தால் தவறு நிருபருடையது.

டர்னிட்டினிலும் ஒரு குழப்பம் உண்டு. அது இரண்டு சதவீதங்களைத் தருகிறது. ஒன்று பழைய காப்பி ஸ்கோர்: கட்டுரையின் எந்த வரிகள் வேறு எங்கோ ஏற்கெனவே இருக்கின்றன என்பது. அந்த வரிகளைத் திறந்து பார்க்கலாம், மூலத்தோடு ஒப்பிடலாம், ‘இது மேற்கோள்தானே’ என்று வாதாடலாம். மற்றது 2023 ஏப்ரலில் வந்த ஏஐ ஸ்கோர். இதற்கு ஒப்பிட மூலம் எதுவும் கிடையாது. 60 சதவீதம் என்று வந்தால், மாணவர் ஏமாற்றியிருக்க 60 சதவீத வாய்ப்பு என்று பொருள் இல்லை. கட்டுரையில் 60 சதவீத வாக்கியங்கள் ஏஐ எழுதியதுபோல் இருக்கின்றன என்று அந்த மென்பொருள் கணிக்கிறது, அவ்வளவுதான். வேறு சில கருவிகள் உண்மையிலேயே வாய்ப்பு விகிதத்தைத் தருகின்றன. ஆகவே நிருபர் கேட்க வேண்டியது: கருவியின் பெயர், ஓடவிட்ட தேதி, எந்தச் சதவீதத்துக்கு மேல் போனால் புகார் என்று வைத்திருந்தார்கள், அந்த வரம்பை முடிவு செய்தது யார். முடிந்தால் அறிக்கையின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் போதாது.

‘எங்கள் கருவி 99 சதவீதம் சரி’ என்று நிர்வாகம் சொல்லும். நிறுவனத்தின் விளம்பரத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டர்னிட்டின் சொல்வது இது: ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏஐ எழுத்து என்று காட்டும் ஆவணங்களில், மனிதர் எழுதியதைத் தவறாக ஏஐ என்று சொல்வது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு விலையாக, உண்மையான ஏஐ எழுத்தில் சுமார் 15 சதவீதத்தைத் தவறவிடுகிறோம் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கல்லூரியில் 1,000 கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் ஏஐ-யைக் கொண்டு எழுதினார்கள், 900 பேர் சொந்தமாக எழுதினார்கள். கருவி அந்த 100-ல் 85 பேரைப் பிடிக்கும். 900 பேரில் 1 சதவீதம், அதாவது 9 பேரையும் பிடிக்கும். ஆக மொத்தம் 94 பேர் சிக்குகிறார்கள், அவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர் தவறே செய்யாதவர். இப்போது ஏமாற்றியவர்கள் 20 பேர் மட்டுமே என்று மாற்றிப் பாருங்கள். 17 பேர் பிடிபடுவார்கள். சொந்தமாக எழுதிய 980 பேரில் சுமார் 10 பேர் சிக்குவார்கள். 27 பேரில் 10 பேர் நிரபராதி. கருவி மாறவில்லை, அதன் துல்லியமும் மாறவில்லை. ஆனால் பத்தில் ஒருவராக இருந்த நிரபராதி மூன்றில் ஒருவருக்கு மேல் ஆகிவிட்டார். நேர்மையான மாணவர்கள் அதிகமாக இருக்கும் வகுப்பில்தான் ஒரு ஸ்கோரின் மதிப்பு குறைகிறது என்ற விசித்திரம் இதில் இருக்கிறது. ‘எத்தனை கட்டுரைகளை ஓடவிட்டீர்கள்?’ என்று நிருபர் கேட்டே ஆக வேண்டும் என்பது இதனால்தான். சிக்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வாங்கி வந்தால் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இந்தக் கணக்கைத் தனக்கே போட்டுப் பார்த்தது. 2022-ல் அங்கே டர்னிட்டினுக்குப் போன கட்டுரைகள் 75,000. ஒரு சதவீதம் என்றாலும் சுமார் 750 கட்டுரைகள் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அணைத்துவிட்டார்கள்.

விளம்பர எண்ணை ஏற்றுக்கொண்டால் வரும் கணக்கு இது. ஏற்க முடியாத விளம்பரங்களும் உண்டு. ஒர்க்காடோ என்ற நிறுவனம் தன் டிடெக்டர் 98 சதவீதம் துல்லியமானது என்று விற்றது. பொதுவான எழுத்துகளில் சோதித்தபோது துல்லியம் 53 சதவீதம்தான் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-ல் அந்நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் வீட்டுப் பிள்ளைகளை நேரடியாகத் தொடும் கேள்வி அடுத்தது. சிக்கியவர்கள் யார்? ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் ஏஐ என்று முத்திரை விழுந்தது. 91-ல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு கருவியாவது சந்தேகப்பட்டது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் இதே கருவிகள் ஏறக்குறைய சரியாகவே சொன்னன.

காரணம் சூழ்ச்சி அல்ல. இந்தக் கருவிகளில் பல, அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியது என்று பார்க்கின்றன. ‘வானம் இருண்டது, சற்று நேரத்தில் மழை...’ என்று நிறுத்தினால் அடுத்து ‘பெய்தது’ என்று யாரும் சொல்லிவிடலாம். ஏஐ எழுத்தில் இப்படிப்பட்ட ஊகிக்கத்தக்க தொடர்ச்சி அதிகம். ஆனால் இலக்கணப் புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தை, தெரிந்த சொற்களை மட்டும் வைத்து, பிழை வந்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்து எழுதுகிற மாணவரின் எழுத்திலும் அதுதான் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மெல்போர்னுக்குப் படிக்கப் போன பிள்ளையின் ஆங்கிலத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆய்வை எடுத்துக்காட்டும்போதும் நியாயம் வேண்டும். அது 2023-ஆம் ஆண்டுக் கருவிகளைச் சோதித்தது. சோதிக்கப்பட்ட ஏழில் டர்னிட்டின் இல்லை. போதிய நீளமுள்ள கட்டுரைகளில் தங்கள் கருவி பிறமொழி மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க பாரபட்சம் காட்டவில்லை என்று அந்நிறுவனம் தன் சொந்தச் சோதனையை வெளியிட்டிருக்கிறது. நிருபர் இரண்டையும் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாகக் கல்லூரியிடம் கேட்க வேண்டியது: உங்களிடம் புகாருக்கு உள்ளானவர்களில் வெளிநாட்டு மாணவர் எத்தனை சதவீதம், மொத்த மாணவர்களில் அவர்கள் எத்தனை சதவீதம்? இந்த இரண்டு எண்களும் ஒரு மாணவரின் பெயரைக்கூட வெளியிடாமல் தரக்கூடியவை. ‘அப்படி நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை’ என்ற பதில் வந்தால் அதையே எழுதலாம்.

இதுவரை கேட்டதெல்லாம் கல்லூரிக்கு எதிராகவே போவதுபோல் தோன்றும். ஸ்கோரை முறையாகக் கையாண்ட பள்ளியும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹிங்கம் உயர்நிலைப் பள்ளி அப்படி ஒன்று. வரலாற்றுப் பாடத்துக்கான ஆய்வுக் கட்டுரை ஒன்றை டர்னிட்டின் சந்தேகப்பட்டது. ஆசிரியை அதோடு நிற்கவில்லை. ஆவணத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தார். மற்ற மாணவர்கள் பெரும்பாலும் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் செலவிட்ட வேலையில் இந்த மாணவர் 52 நிமிடம் செலவிட்டிருந்தது தெரிந்தது. பெரிய பெரிய பகுதிகள் ஒரேயடியாக ஒட்டப்பட்டிருந்தன. மேற்கோள் காட்டப்பட்ட சில புத்தகங்கள் உலகத்திலேயே இல்லாதவை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள், மாணவர் கையேட்டில் ஏஐ பற்றி விதியே இல்லை என்று வாதாடினார்கள். மாணவர்களுக்கு விதி சொல்லப்பட்டிருந்ததையும், பள்ளி சேர்த்த ஆதாரங்களையும் பார்த்த கூட்டாட்சி நீதிமன்றம் 2024 நவம்பரில் பள்ளியின் முடிவில் தலையிட மறுத்துவிட்டது.

விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தினால் பையைத் திறந்து பார்க்கிறார்கள், கத்தியதற்காகவே யாரையும் கைது செய்வதில்லை. ஹிங்கம் ஆசிரியை பையைத் திறந்து பார்த்தார். எனவே எந்தப் பள்ளியிடமும் கேட்க வேண்டியது இதுதான்: ஸ்கோருக்குப் பிறகு என்ன பார்த்தீர்கள்? வரைவுகள், திருத்த வரலாறு, மேற்கோள் நூல்கள், மாணவரின் பழைய கட்டுரைகள், நேரில் உட்காரவைத்துக் கேட்ட கேள்விகள். இவற்றில் எது நடந்தது, யார் முன்னிலையில், எழுத்தில் பதிவு இருக்கிறதா? டர்னிட்டின் நிறுவனமே தன் ஸ்கோரை மட்டும் வைத்து மாணவர்மீது நடவடிக்கை எடுக்காதீர்கள் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. அந்த அறிவுரை ஆசிரியர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

நிரூபிக்க வேண்டியது யார் என்பதும் இங்கே வருகிறது. ஆஸ்திரேலிய விவகாரத்தில் மாணவர்களிடம் கையெழுத்துக் குறிப்புகளும் இணையத் தேடல் வரலாறும் கேட்கப்பட்டன. தேடல் வரலாறு என்பது ஒருவருடைய நோய், காதல், கடன் எல்லாம் இருக்கிற இடம். அதைக் கேட்க எந்த விதி அனுமதிக்கிறது, தர மறுத்தால் என்ன ஆகும் என்பதை நிருபர் விதிப்புத்தகத்தின் எண்ணோடு கேட்டு வாங்க வேண்டும்.

மாணவரிடமும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும், இதில் நிருபர்கள் பெரும்பாலும் கூச்சப்படுகிறார்கள். அழுதுகொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் எப்படிக் கேட்பது? இருந்தாலும் கேட்டாக வேண்டும். கிராமர்லி பயன்படுத்தினாயா, அதில் வாக்கியத்தை மாற்றி எழுதும் வசதியைத் தொட்டாயா? தமிழில் எழுதி மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டாயா? தலைப்பு யோசிக்க மட்டும் ஏஐ-யிடம் போனாயா? அசைன்மென்ட் தாளில் இதுபற்றி என்ன எழுதியிருந்தது? ‘ஏஐ-யைத் தொடவே இல்லை’ என்று சொன்ன ஒருவர் கிராமர்லியைச் சொல்ல மறந்திருக்கலாம், அதை ஏஐ என்றே அவர் நினைக்காமல் இருந்திருக்கலாம். செய்தி வந்த பிறகு கல்லூரி அதை வெளியிட்டால் மாணவர் பொய்யர் ஆகிவிடுவார், செய்தியும் கவிழ்ந்துவிடும். டெக்சாஸ் விவகாரத்தில் ஆவணத்தின் நேரப் பதிவுகளைக் காட்டிச் சிலர் தப்பினார்கள். ஒருவர் அந்தப் பாடத்தில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஒரே வகுப்பில் இரண்டு வகையினரும் இருந்தார்கள்.

மாணவர் காட்டும் திருத்த வரலாறும் முற்றுமுடிந்த சான்று அல்ல. வேறொரு திரையில் பார்த்து மெதுவாகத் தட்டச்சு செய்தவருக்கும் அழகான திருத்த வரலாறு இருக்கும். முதலில் போனில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒட்டிய நேர்மையான மாணவருக்கு அது இருக்காது.

நிருபர் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு, கை துறுதுறுக்கும். மாணவரின் கட்டுரையை வாங்கி இன்னொரு இலவச டிடெக்டரில் போட்டுப் பார்த்து, ‘நாங்கள் சோதித்ததில் 4 சதவீதம்தான் வந்தது’ என்று எழுதுவது. கல்லூரியின் ஸ்கோர் ஆதாரம் ஆகாது என்றால் நிருபரின் ஸ்கோர் மட்டும் எப்படி ஆதாரம் ஆகும்? கருவியைச் சோதிக்க வேண்டுமானால் உருப்படியான வழி இருக்கிறது. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சேர்த்துக் கருவியில் போட வேண்டும். புளூம்பெர்க் நிருபர்கள் அதைச் செய்தார்கள். 2022 கோடையில் எழுதப்பட்ட 500 கட்டுரைகளை இரண்டு பிரபல டிடெக்டர்களில் ஓடவிட்டபோது 1 முதல் 2 சதவீதம் ஏஐ என்று தவறாகக் குறிக்கப்பட்டன.

‘தனிப்பட்ட மாணவர் பற்றிப் பேச மாட்டோம்’ என்று கல்லூரி சொன்னால், அமெரிக்கா போன்ற நாடுகளில் அது சட்டப்படியான பதில். ஓடி ஒளிந்ததாக எழுதக்கூடாது. மாணவர் எழுத்துமூலம் ஒப்புதல் கொடுத்தால் சில நிறுவனங்கள் பேசும், அதை முயன்று பார்க்கலாம். பேச மறுத்தாலும் கொள்கை, வரம்பு, எண்ணிக்கை, மேல்முறையீட்டு வழி ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு அந்தச் சட்டம் தடையில்லை. அவற்றை எழுத்தில் அனுப்பி, பதில் தேடி எடுக்க நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஆறு மணிக்கு ‘கருத்துக் கூற மறுத்தனர்’ என்று எழுதுவது நம் தொழிலில் ரொம்ப நாளாக நடக்கும் அக்கிரமம்.

மாணவரின் பெயரைப் போடுவது பற்றி ஒரு வார்த்தை. இன்று கோபத்தில் ‘என் பெயரையே போடுங்கள்’ என்பார்கள். பத்து வருடம் கழித்து வேலைக்கு எடுப்பவர் கூகுளில் தேடும்போது விடுவிக்கப்பட்ட செய்தி மேலே வராது, குற்றம்சாட்டப்பட்ட செய்திதான் வரும். பள்ளிப் பிள்ளை என்றால் பெயர் வேண்டவே வேண்டாம். கல்லூரி மாணவர் என்றால் இதை விளக்கிச் சொல்லி, மறுநாள் ஒருமுறை மறுபடி கேட்டுவிட்டுப் போடலாம்.

கடைசிக் கேள்வியைச் செய்தி வெளியான பிறகு, சில மாதம் கழித்துக் கேட்க வேண்டும். பெரும்பாலான பத்திரிகைகள் இதைக் கேட்பதில்லை. விடுவிக்கப்பட்டவர்களின் டிரான்ஸ்கிரிப்ட் திருத்தப்பட்டதா, எப்போது? கட்டிய மறுதேர்வுக் கட்டணம் திரும்பி வந்ததா? கருவியை நிறுத்திய நிர்வாகம், அந்தக் கருவியை நம்பி முன்பு எடுத்த முடிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்ததா? நிருபர் நண்பர்களே, குற்றச்சாட்டுக்கு முதல் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தால், இந்தப் பதில்களுக்கும் அதே பக்கத்தில் இடம் கேட்டு ஆசிரியரிடம் சண்டை போடுங்கள்.